வெள்ளை அடித்த சுவர் வேறு நிறம் காட்டினால்: வடக்கு, தெற்கு ஜன்னல் அறைகளுக்கான சோதனைகள்

சென்னையில் வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கும் வேலை எனக்கு. அடர் நிறங்களுக்குப் புகார் வருவதில்லை. பச்சை கேட்டவர் பச்சையைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுவார். வெள்ளை அப்படி இல்லை. "ஐவரி கேட்டேன், வெண்ணெய் மாதிரி இருக்கே", "பளிச்சென்று இருக்கும்னு சொன்னீங்க, சாம்பல் பூத்த மாதிரி இருக்கு" என்று வேலை முடிந்த மாதத்துக்குள் போன் வரும். பத்தில் ஒன்றிரண்டில்தான் தப்பு டப்பாவில் இருக்கும். மற்றதெல்லாம் சுவரில் விழுகிற வெளிச்சத்தின் வேலை.

பெயிண்ட் கடையில் கிடைக்கும் எந்த வெள்ளையும் சுத்த வெள்ளை இல்லை. அடிப்படை வெள்ளையில் சில துளி டின்ட் கலந்திருக்கும். மஞ்சள் ஆக்சைடோ சிவப்பு ஆக்சைடோ விழுந்தால் அது ஐவரி, கிரீம் பக்கம் போகும் சூடான வெள்ளை. கருப்போ நீலமோ விழுந்தால் குளிர்ச்சியான வெள்ளை. நம் தாத்தா காலத்தில் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கரைத்து அடித்தார்களே, அதுவும் குளிர்ச்சியான வெள்ளைதான். இந்தத் துளிகளின் அளவு சொற்பம் என்பதால் விழுகிற வெளிச்சம் கொஞ்சம் மாறினாலே வெள்ளை வேறாகத் தெரிகிறது.

முதலில் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்

"எங்க வீடு வடக்கு பார்த்த வீடு" என்று சொன்னால் நம் ஊரில் வாசற்கதவு வடக்கே இருக்கிறது என்று அர்த்தம். வெளிச்சத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. அறையின் பெரிய ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. வடக்கு வாசல் வீட்டில் தெற்கு ஜன்னல் படுக்கையறை தாராளமாக இருக்கும். போனில் திசைகாட்டியைத் திறந்து, கிரில் கம்பியை விட்டு ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். கம்பிக்கு மிக அருகில் போனால் ஊசி ஏமாற்றும். மனைகள் எல்லாம் திசைக்கு நேராக வெட்டப்பட்டவையும் இல்லை. இருபது முப்பது டிகிரி திரும்பிய "வடக்கு" ஜன்னல் நிறைய உண்டு.

அடுத்தது எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள் என்பது. பலரும் ஏ4 தாளைச் சுவரில் வைத்து, "பாருங்க, எவ்வளவு மஞ்சள்!" என்பார்கள். தாளில் ஒளிரூட்டி ரசாயனம் சேர்த்திருப்பார்கள். பகல் வெளிச்சத்திலிருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி அது நீலமாகத் திருப்பிவிடும். அதன் பக்கத்தில் எந்த பெயிண்ட்டும் பழுப்பாகத்தான் தெரியும். ஹார்டுவேர் கடையில் குழாய் மரைக்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப் வாங்குங்கள். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றில், அடியிலிருக்கும் நிறம் தெரியாதபடி பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். நீலமும் மஞ்சளும் சாயாத வெள்ளை கைக்கு வந்துவிடும். அதிக செலவில்லை, என் பையில் எப்போதும் ஒன்று கிடக்கும்.

போன் படத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேமரா ஒவ்வொரு படத்திலும் வெள்ளையைத் தானாகச் சரிசெய்துவிடும். நீங்கள் காட்ட நினைக்கும் வித்தியாசத்தையே அழித்துவிட்டுத்தான் படம் கொடுக்கும்.

அறிகுறி: வடக்கு ஜன்னல் அறையில் வெள்ளை சாம்பலாக அல்லது நீலமாக இருக்கிறது

நேர் வெயில் விழாத ஜன்னல் வழியாக வருவது வானத்தின் வெளிச்சம். நடுப்பகல் வெயிலின் நிற வெப்பம் சுமார் 5500 கெல்வின் என்றால், தெளிந்த நீல வானத்துடையது 10000 கெல்வினைத் தாண்டும். எண் ஏற ஏற நீலம் கூடும். கருப்போ நீலமோ கலந்த வெள்ளையை இந்த வெளிச்சத்தில் வைத்தால் நீலத்தின் மேல் நீலம். வெயில் அறையைவிட வெளிச்சமும் குறைவாக இருப்பதால் கண்ணுக்கு அது சாம்பலாகப் படுகிறது.

ஆனால் வெளிச்சத்தைக் குறை சொல்வதற்கு முன் பூச்சைச் சோதிக்க வேண்டும். அடர்ந்த பழைய நிறத்தின் மேல் வெள்ளையை மெல்லிசாக அடித்தாலும் அது நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். மெல்லிய வெள்ளைப் பூச்சு நீல ஒளியை அதிகம் சிதறவிட்டு மற்றதை அடிச்சுவர் வரை கசியவிடுவதால் வரும் கோளாறு அது. அறையின் மூலையில் ஒரு சாண் இடத்துக்கு மட்டும் இன்னொரு கோட்டு அடித்து, முழுக்கக் காய்ந்தபின் மறுநாள் பாருங்கள். அந்த இடம் மட்டும் தெளிந்தால் கோட்டு போதவில்லை, இன்னொரு கை அடித்தால் தீரும். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால் காரணம் வெளிச்சம்.

வெளிச்சம்தான் காரணம் என்றால் உடனே அடர்ந்த கிரீமுக்குத் தாவிவிடாதீர்கள். அறை மங்கலாக இருக்கும்போது கிரீம் அழுக்காகத்தான் தெரியும். ஷேடு விவரத்தில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும். விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கைச் சுவர் திருப்பிக் கொடுக்கிறது என்பதன் அளவு அது. வடக்கு அறைக்கு 85க்குக் குறையாத எண்ணுள்ள, மஞ்சள் மட்டும் லேசாக விழுந்த, கருப்பு விழாத வெள்ளையைத் தேடுங்கள். கருப்பு கலந்திருக்கிறதா என்று டின்ட் போடும் கடைக்காரரிடம் கேட்டால் திரையைப் பார்த்துச் சொல்வார். பிடித்த ஷேடு அடர்த்தியாகப் பட்டால் அதே கலவையைப் பாதி டின்ட்டில் கேளுங்கள், போட்டுத் தருவார்கள்.

அறிகுறி: ஷேடு கார்டில் சரியாக இருந்த நிறம் சுவரில் அடித்ததும் ஒரு படி அடர்ந்துவிட்டது

கையில் பிடித்த ஷேடு கார்டில் வெளிச்சம் ஒரே முறைதான் பட்டுத் திரும்புகிறது. அறையில் அது இந்தச் சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குப் போய், அங்கிருந்து கூரைக்குப் போய்த்தான் கண்ணுக்கு வருகிறது. ஒரு கிரீம், மஞ்சள் ஒளியில் நூற்றுக்கு 85 பங்கையும் நீல ஒளியில் 80 பங்கையும் திருப்புகிறது என்று வையுங்கள். ஒரு முறை பட்டால் நீலம் சுமார் 6 சதவீதம் குறையும். மூன்று முறை பட்டால் குறைவு 17 சதவீதம் ஆகிவிடும். கார்டில் கண்டதைப்போல மூன்று மடங்கு மஞ்சள் அது. அதனால் நான்கு சுவருக்கும் கூரைக்கும் ஒரே கிரீமை அடித்தால் அறை வெண்ணெய்க் கிண்ணம் மாதிரி ஆகும். கூரையைச் சாதா வெள்ளையாக விட்டால் இந்தச் சுற்றில் ஒரு கண்ணி அறுபடும். பல வீட்டில் இது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

அறிகுறி: தெற்கு ஜன்னல் அறை மஞ்சளாக இருக்கிறது, வடக்கு அறையில் அதே பெயிண்ட் நன்றாக இருக்கிறது

மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடி பிளாட் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால் ஊழியர். இரண்டு படுக்கையறை, ஒன்றுக்கு ஜன்னல் வடக்கே, மற்றதற்குத் தெற்கே. இரண்டுக்கும் ஒரே ஐவரி வெள்ளையை டிசம்பரில் அடித்து முடித்தோம். பொங்கலுக்கு முன்னால் போன் வந்தது. "தம்பி, தெக்கு ரூமுக்கு வேற டப்பா அடிச்சிட்டாங்களா உங்க ஆளுங்க? ஒரே மஞ்சளா இருக்கு."

மிச்சமிருந்த பெயிண்ட்டை வேலை முடிந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது என் வழக்கம். காலையில் போய், ஏ3 அளவுள்ள வெள்ளைப் பலகையில் அதை இரண்டு கோட்டு அடித்துக் காயவைத்தேன். பதினொன்றரை மணிக்குப் பலகையைத் தெற்கு அறைச் சுவரில் ஒட்டினாற்போல் பிடித்தேன். பலகைக்கும் சுவருக்கும் வித்தியாசம் இல்லை. வடக்கு அறைக்குக் கொண்டுபோய்ப் பிடித்தேன். அங்கேயும் ஒட்டிக்கொண்டது. ஒரே பலகை இரண்டு சுவரோடும் சேர்கிறது என்றால் இரண்டு சுவரிலும் ஒரே பெயிண்ட்தான். "அது சரி, அப்ப மஞ்சள் எங்கேருந்து வருது?" என்றார்.

தரையில் சந்தன நிற டைல்ஸ். ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி ஆரம்பித்து நாலடி வரைக்கும் தரையில் வெயில் கிடந்தது. டிசம்பர், ஜனவரியில் சென்னையில் நடுப்பகல் சூரியன் தெற்கே சுமார் 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஒன்றரை அடி சன்ஷேடு ஜன்னலின் மேல் இரண்டடியை மறைத்தால் கீழ்ப் பாதி வழியாக வெயில் உள்ளே இறங்கும். அந்த வெயில் சுவரில் நேராக விழுவதில்லை. தரையில் விழுந்து, சந்தன நிறத்தை அள்ளிக்கொண்டு சுவருக்கும் கூரைக்கும் ஏறுகிறது. அவருடைய துவைத்த நாலு முழ வேட்டி ஒன்றை வாங்கி, வெயில் விழுந்த டைல்ஸ் மேல் விரித்தேன். விரிக்கும்போதே ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மஞ்சள் இறங்கியது. எடுத்ததும் திரும்ப ஏறியது. அவரே இரண்டு மூன்று தடவை விரித்து எடுத்துப் பார்த்தார்.

உங்கள் வீட்டிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். வெயில் தரையில் விழும் நேரத்தில் வெள்ளை வேட்டியோ படுக்கை விரிப்போ விரித்துப் பாருங்கள். மஞ்சள் குறைந்தால் மறுபடி பெயிண்ட் அடிப்பது வீண்செலவு. வெயில் விழும் நாலடிக்கு வெளிர்நிற ஜமுக்காளம் ஒன்று போடலாம். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை போட்டால் வெயில் தரையை எட்டுவதற்கு முன்பே சிதறிவிடும். வேட்டி விரித்தும் எதுவும் மாறவில்லை என்றால் ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். பழுப்புக் கண்ணாடியோ வெயில் தடுக்கும் பிலிமோ இருந்தால் அறைக்குள் வரும் வெளிச்சமே நிறம் மாறித்தான் வருகிறது. ஒரு கதவைத் திறந்துவைத்து, திறந்த பக்கத்தையும் மூடிய பக்கத்தையும் டெஃப்லான் கார்டில் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: ஜூனில் எல்லாம் தலைகீழாகிவிட்டது

அதே வீட்டுக்காரர் ஜூனில் மறுபடி கூப்பிட்டார். இப்போது வடக்கு அறையில்தான் காலையில் ஒரு பக்கம் மஞ்சள் அடிக்கிறதாம், தெற்கு அறை வெளுத்துக் கிடக்கிறதாம். நான் எதிர்பார்த்திருந்த போன்தான் அது.

இணையத்தில் படிக்கிற "வடக்கு அறைக்குச் சூடான வெள்ளை, தெற்கு அறைக்குக் குளிர்ந்த வெள்ளை" என்ற விதி லண்டனிலும் டொரண்டோவிலும் இருப்பவர்களுக்கு எழுதப்பட்டது. அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் இருக்கும். ஓவியர்கள் வடக்கு ஜன்னல் அறையைத் தேடிப் பிடித்ததும் அதனால்தான், நாளெல்லாம் மாறாத வெளிச்சம் கிடைக்கும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் பாதிக்கு மேல் வரை நமக்கு நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று காலையிலிருந்து மாலை வரை சூரியன் வடக்குப் பாதியை விட்டு இறங்குவதே இல்லை. அன்று தெற்கு ஜன்னலுக்கு ஒரு துளி நேர் வெயில் கிடையாது. டிசம்பர் 21 அன்று நேர்மாறு, வடக்கு ஜன்னலுக்குக் கிடையாது. இன்னும் தெற்கே, யாழ்ப்பாணத்திலும் கன்னியாகுமரியிலும், சூரியன் வடக்கே நிற்கும் நாட்கள் இன்னும் அதிகம்.

வெயில் மட்டும் இடம் மாறுவதில்லை, வானத்தின் நிறமும் மாறுகிறது. சூரியனுக்கு அருகில் வானம் வெளிறியிருக்கும், விலகிய பக்கத்தில் நீலம் கூடும். டிசம்பரில் வடக்கு ஜன்னல் பார்ப்பது சூரியனுக்கு எதிர்ப்பக்க நீல வானத்தை, ஆகவே அந்த அறை வருடத்திலேயே அதிகக் குளிர்ச்சியாகத் தெரியும். ஜூனில் காலையும் மாலையும் அந்த நீலம் தெற்கு ஜன்னலுக்குப் போய்விடுகிறது.

ஆனால் ஜூன் வெயில் வடக்கு அறையை டிசம்பர் வெயில் தெற்கு அறையை நிரப்புவதுபோல நிரப்பாது. நடுப்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில், 80 டிகிரியில் இருக்கும். சன்ஷேடே தடுத்துவிடும். நாலடி உயர ஜன்னலுக்கு ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தால் வெயில் உள்ளே வருவது காலை சுமார் ஒன்பது மணி வரையிலும் மாலை மூன்றரைக்கு அப்புறமும்தான். அதுவும் சுவரோடு உரசுகிற மாதிரி, ஜன்னலுக்கு இருபது டிகிரி கோணத்தில் சாய்ந்து வரும். காலையில் ஜன்னலின் மேற்குப் பக்கத்து ஓரச் சுவரிலும் அதை ஒட்டியும் விழும். தாழ்ந்த சூரியனின் வெயில் என்பதால் மஞ்சள் அதிகம். ரோலர் கோடு, பட்டி தேய்த்த மேடுபள்ளம் எல்லாம் அந்தச் சாய்வு வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்பது எங்கள் தொழிலுக்குக் கூடுதல் தலைவலி.

மடிப்பாக்கத்து அறையில் அது ஓர் ஆப்பு வடிவ மஞ்சள். காலை ஏழேகாலுக்குப் போய்ப் பார்த்தேன். எட்டே முக்காலுக்கு அது போய்விட்டது. சுவரில் ஒரு குறையும் இல்லை. இது பெயிண்ட் கோளாறா, பருவமா என்று பிரிக்க ஒரு கேள்வி போதும்: அந்த நிறம் கடிகாரத்தோடு நகர்கிறதா? நகர்ந்தால் சூரியன். நாள் முழுக்க அதே இடத்தில் அதே அளவில் கிடந்தால்தான் பூச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

இதனால்தான் நம் ஊரில் திசைக்கு ஒன்றாக இரண்டு வெள்ளை வாங்குவதை நான் பெரும்பாலும் தடுக்கிறேன். டிசம்பரில் பொருத்தம் பார்த்து வாங்கினால் ஜூனில் இரண்டும் பிசகும். லேசான மஞ்சள் சாய்வுள்ள, எல்ஆர்வி அதிகமான ஒரே வெள்ளையை இரண்டு அறைக்கும் அடித்துவிட்டு, மிச்ச வித்தியாசத்தைத் திரையிலும் தரையிலும் சரிசெய்வது மலிவு. விதிவிலக்கு, பக்கத்து வீட்டுச் சுவர் நாலடியில் மறைக்கும் அறை. அங்கே ஜன்னலின் திசையே பொருட்டில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அடித்திருக்கும் நிறம்தான் உங்கள் வெளிச்சம். அவர் பச்சை அடித்திருந்தால் உங்கள் வெள்ளையிலும் பச்சை ஏறும். ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த வேப்பமரம் நின்றாலும் அப்படித்தான்.

ஷேடு முடிவு செய்ய எப்போது பார்ப்பது

பழைய நிறத்தின் மேல் கையகலப் பட்டை இழுத்துப் பார்ப்பதில் பயனில்லை. பக்கத்திலிருக்கும் பழைய நிறம் கண்ணைக் குழப்பும். மேலே சொன்ன பலகைதான் வழி. பலகையின் பின்னால் ஷேடு எண்ணை எழுதி, ஜன்னல் உள்ள சுவரில் ஒருமுறையும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒருமுறையும் வைத்துப் பாருங்கள். ஜன்னல் இருக்கும் சுவருக்கு நேர் வெளிச்சமே கிடையாது, அங்கே எந்த வெள்ளையும் ஒரு படி மங்கலாகத்தான் இருக்கும். காலை எட்டு, நடுப்பகல், மாலை நான்கு என்று மூன்று வேளை பார்த்தால் போதும்.

மழைக்கால மேகமூட்டத்தில் முடிவெடுக்காதீர்கள். வானம் முழுக்க மூடியிருந்தால் வெளிச்சம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல 6500 கெல்வின் அளவில் இருக்கும். வடக்கு அறையும் தெற்கு அறையும் ஒரே மாதிரி அழகாகத் தெரியும். நவம்பர் மழையில் ஷேடு தேர்ந்தெடுத்துவிட்டு ஜனவரி வெயிலில் புகார் சொன்னவர்கள் எனக்கு மூன்று பேர்.

அறிகுறி: பகலில் சரி, ராத்திரியில் மட்டும் பிடிக்கவில்லை

இது திசைக்குச் சம்பந்தமில்லாதது. பல்பு அட்டையில் 6500K என்று போட்டிருந்தால் ஐவரி செத்துப்போய்த் தெரியும். 3000K போட்டால் சுவர் பாதாம்பால் நிறத்துக்குப் போகும். 4000K வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

அறிகுறி: சுவர் மாறவில்லை, கதவும் ஜன்னல் சட்டமும் மட்டும் மஞ்சளாகிறது

இங்கே வெளிச்சம் அல்ல, பெயிண்ட் மாறுகிறது. சுவருக்கு அடிப்பது தண்ணீரில் கரையும் எமல்ஷன், மரத்துக்கு அடிப்பது பெரும்பாலும் எண்ணெய் எனாமல். எண்ணெய் எனாமல் வெளிச்சம் குறைந்த இடத்தில் வேகமாக மஞ்சளாகும். வடக்கு அறைக் கதவின் உட்பக்கம், திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஜன்னல் சட்டம், பீரோ மறைத்த கதவு ஓரம் இங்கெல்லாம் முதலில் தெரியும். சோதிக்க, கதவில் எப்போதும் காலண்டர் தொங்கும் இடத்தையும் அதற்கு வெளியே உள்ள இடத்தையும் ஒப்பிடுங்கள். காலண்டருக்கு அடியில் மஞ்சள் அதிகமாக இருந்தால் எனாமல்தான். கதவை ஒரு வாரம் நல்ல பகல் வெளிச்சத்தில் திறந்து வைத்தால் அந்த மஞ்சளில் ஓரளவு வெளுத்தும் போகும். அடுத்த முறை மரத்துக்கும் தண்ணீரில் கரையும் எனாமலைக் கேளுங்கள். பழைய எண்ணெய் எனாமலின் மேல் அதை நேராக அடித்தால் உரிந்துவிடும். எமரித் தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து, தூசி துடைத்து, ஒரு கோட்டு பிரைமர் கொடுத்துவிட்டு அப்புறம் அடிக்க வேண்டும்.